35 வயதில் தளரும் விறைப்பு: பழைய பதில்களும் இன்றைய சோதனைகளும்

புதுச்சேரி வீராம்பட்டினத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எனக்கு வயது 35. கல்யாணமாகி எட்டு வருஷம், இரண்டு பிள்ளைகள். கடல் தொழில், விடியுமுன் கிளம்பிவிடுவேன். ஒரு வருஷமாக விறைப்பு முன்போல் வருவதில்லை. வந்தாலும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. தூங்கி எழும்போது இருப்பதும் குறைந்துவிட்டது. வேலை முடிந்தால் பெரும்பாலான நாள் கொஞ்சம் குடிப்பேன். அப்பாவுக்குச் சுகர் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு இருந்த கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சியா இது? இந்த வயதிலேயே முடிந்துவிட்டதா?"

விறைப்பு ஏன் தளர்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரே ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. விந்து வீணானதால் என்றது ஒரு காலம், சுரப்பி வற்றியதால் என்றது இன்னொன்று. பிறகு மனம் பழி சுமந்தது. கடைசியாக ரத்தக் குழாய். இவற்றில் எதுவும் முழுக்கத் தோற்றுவிடவில்லை, எதுவும் முழுதாக ஜெயிக்கவும் இல்லை. வாசகரின் கடிதத்திலேயே இந்த நான்கின் சாயலும் கலந்திருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே இடறுகிறது என்று பார்த்துவிட்டு அவருடைய நிலைக்கு வரலாம்.

விந்துக் கணக்கு

இந்திய மருத்துவ மரபில் உடம்பு ஏழு கட்டுகளால் ஆனது. உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை என்று படிப்படியாகச் சுத்தியாகிக் கடைசியில் சுக்கிலமாகிறது என்பது சித்த, ஆயுர்வேத மரபுகள் பகிர்ந்துகொள்ளும் கணக்கு. கடைசியில் கிடைப்பது அரிது என்றால், அதை இழப்பது பெரிய நஷ்டம் என்ற முடிவு தானாக வந்துவிடும். இது நம் ஊருக்கு மட்டும் உரிய எண்ணமும் அல்ல. 18-ம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் தீஸோ, சுய இன்பம் உடலை உருக்கிவிடும் என்று எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பயத்தைப் பரப்பியது. ஐரோப்பா அந்தப் பயத்திலிருந்து மெல்ல வெளியே வந்தது. நாம் அதை பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் இன்னும் ஒட்டிவைத்திருக்கிறோம்.

விந்து போவதால் பலம் போகிறது என்ற கவலையோடு வரும் களைப்பு, பலவீனம், ஆண்மைக்குறைவு பற்றிய புகார்களுக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். அவர் சுட்டிக்காட்டியது, இழப்பைக் காட்டிலும் இழப்பைப் பற்றிய கவலையே நோயாக உருவெடுக்கிறது என்பதை.

உடலியல் ரீதியாக இந்தக் கணக்கின் பலவீனம் எளிது. விறைப்பை உண்டாக்குவது விந்து அல்ல, ரத்தம். ஒருமுறை வெளியேறும் விந்து சாதாரணமாக 2 முதல் 5 மில்லிலிட்டர் இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். உயிரணுக்களின் பங்கு மிகச் சிறிது. வெளியேறாவிட்டாலும் உடம்பு அதைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. ஆகவே பத்து வருஷத்துக்கு முந்தைய கைப்பழக்கம் இன்றைய விறைப்பைக் குறைக்க வழியே இல்லை.

இதற்காகப் பழைய நூல்களை மொத்தமாக ஒதுக்குவதும் நியாயமாகாது. சுசுருத சம்ஹிதை ஆண்மைக்குறைவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. மனத்தால் வருவது, உறுப்பின் நோயால் வருவது, பிறவியிலேயே வருவது என்று தனித்தனியாக வைக்கிறது. அந்தப் பிரிவினையைச் செய்தவர்கள் ஒரே லேகியத்தை எல்லோருக்கும் விற்றிருக்கமாட்டார்கள். லாட்ஜில் ரூம் எடுத்து முகாம் போடுகிறவர்கள் விற்பது அந்த மரபை அல்ல. உடலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. 1959-ல் ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை நிலைநிறுத்தியது. சட்டம் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது.

சுரப்பி என்ற நம்பிக்கை

புதுச்சேரியை ஆண்ட பிரான்சின் தலைநகரில் 1889-ல் வேடிக்கையான ஒரு நிகழ்ச்சி. புகழ்பெற்ற உடலியல் அறிஞர் பிரௌன்-செக்கார், 72 வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக பாரிஸ் உயிரியல் சங்கத்தில் அறிவித்தார். தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேலை செய்தது நம்பிக்கை. 1920-ல் அதே பாரிஸில் செர்ஜ் வோரோனோஃப் குரங்கின் விதைத் துண்டுகளை மனிதருக்குப் பொருத்த ஆரம்பித்தார், பெரும் பணமும் சேர்த்தார். 1935-ல் டெஸ்டோஸ்டிரோன் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பிறகுதான் இந்தப் பேச்சு அறிவியலானது.

இன்று தெரிந்தது இவ்வளவு. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் முதலில் தேய்வது பெரும்பாலும் ஆசை, விறைப்பு அதற்குப் பின்னால் வருகிறது. ஆசை அப்படியே இருக்க விறைப்பு மட்டும் தளர்ந்தால் ஹார்மோன் முதல் சந்தேகம் அல்ல. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் காலையில் ரத்தம் எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால், இன்னொரு நாள் காலையில் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மாலையில் எடுத்த ஒரே ஒரு சோதனையை வைத்து ஊசி ஆரம்பிப்பது தவறு. வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோன் உயிரணு உற்பத்தியை அடக்கிவிடும். இன்னும் குழந்தை வேண்டும் என்பவருக்கு அது ஆகாது.

எல்லாம் மனசு என்ற காலம்

20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதி மனத்தின் காலம். 1912-ல் ஃபிராய்டு, மரியாதை வைத்திருக்கும் பெண்ணிடம் ஆசை எழாமலும், ஆசை எழும் பெண்ணிடம் மரியாதை இல்லாமலும் போகும் ஆண்களைப் பற்றி எழுதினார். 1970-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ்-ஜான்சன் இணை இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை தவறியவன் அடுத்தமுறை மனைவியோடு இருக்காமல், தன் உறுப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும் பார்வையாளனாகிவிடுகிறான் என்றார்கள். சிகிச்சையாக, சில வாரங்களுக்கு உடலுறவையே நிறுத்திவைத்து, எந்த இலக்கும் இல்லாமல் தொடுவதை மட்டும் பழகச் சொன்னார்கள். தேர்வே இல்லை என்றால் தோல்வியும் இல்லையே. தமிழில் டாக்டர் மாத்ருபூதம் விஜய் டிவியின் 'புதிரா புனிதமா' வழியாகக் கூடத்தில் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயமாக இதை மாற்றினார். அந்தச் சேவை சிறியதல்ல.

ஆனால் 'பெரும்பாலும் மனசுதான்' என்பது 'மனசு மட்டும்தான்' என்று மாறியபோது பலர் பலியானார்கள். சர்க்கரை நோயில் நரம்பும் குழாயும் கெட்டவர்கூட 'டென்ஷன் ஆகாதீங்க' என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சோதித்து மறுக்க முடியாத காரணத்தை யார் தலையிலும் வைத்துவிடலாம் என்பதே இந்தப் பார்வையின் பெரிய பலவீனம்.

ஊசி சொன்ன உண்மை

பிரான்சின் அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ், வயிற்றிலிருந்து காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைபட்டவர்களுக்கு நடக்கும்போது கால் வலியும், கூடவே விறைப்பின்மையும் வருவதை 20-ம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே எழுதியிருந்தார். அது அரிய நோய் என்று ஒதுக்கப்பட்டது. 1982-ல் பாரிஸின் ரொனால்டு விராக், குழாயைத் தளர்த்தும் பப்பாவெரின் என்ற மருந்தை ஆண்குறியில் ஊசியாகப் போட்டால் விறைப்பு வருகிறது என்று 'லான்செட்' இதழில் எழுதினார். ஆசையோ தூண்டலோ தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜைல்ஸ் பிரிண்ட்லி, லாஸ் வேகஸ் மருத்துவ மாநாட்டுக்குத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, பேச்சின் நடுவே கால்சட்டையை இறக்கிக் காட்டினார். மருத்துவ மாநாடுகளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நிரூபணம் நடந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊசிகள் திறந்து காட்டிய இயக்கம் இதுதான். ஆண்குறிக்குள் பஞ்சுபோன்ற இரண்டு திசுத் தண்டுகள் உள்ளன. சாதாரண நேரத்தில் அவற்றின் மென்தசைகள் இறுகியே இருக்கின்றன. தூண்டல் வரும்போது நரம்பு முனையிலும் குழாயின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, தசை தளர்ந்து, ரத்தம் உள்ளே பாய்கிறது. தண்டு விரிந்து வெளியுறையோடு அழுந்தும்போது, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளங்கள் நசுங்கி அடைபடுகின்றன. சைக்கிள் டியூபின் வால்வு காற்றைப் பிடித்துவைப்பது போல ரத்தம் உள்ளே தங்குகிறது. ஆக இரண்டு இடத்தில் கோளாறு வரலாம்: ரத்தம் போதுமான அளவு உள்ளே வராமல் போகலாம், அல்லது வந்தது தங்காமல் போகலாம்.

தசையைத் திரும்ப இறுக்குவது அட்ரினலின் வகைச் சுரப்புகள். பிரிண்ட்லி ஆராய்ந்த மருந்துகளில் ஒன்று அந்தச் சுரப்பின் வேலையைத் தடுப்பதுதான். இறங்காமல் மணிக்கணக்கில் நிற்கும் விறைப்புக்கு இன்றும் அவசரச் சிகிச்சை, அட்ரினலின் போல வேலை செய்யும் மருந்தை ஊசியாகப் போடுவதே. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலின் விறைப்பை இறக்குகிறது. மனம் என்ற கட்சியும் ரத்தம் என்ற கட்சியும் சந்திக்கும் இடம் இது. 'இன்றைக்கும் போய்விடுமோ' என்ற நினைப்பு வெறும் நினைப்பாக நிற்பதில்லை, தசையை நேரடியாக இறுக்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் மனமா உடம்பா என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. உடம்பில் லேசான குறை இருப்பவனுக்குப் பயம் சேர்ந்தால் முழுக் குறையாகிவிடும்.

ரத்தக் குழாய்ப் பார்வை இன்னொரு எச்சரிக்கையையும் கொண்டுவந்தது. ஆண்குறிக்குள் ஓடும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்தின் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பும் சர்க்கரையும் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகவே கெடுக்கும்போது, சிறியதில் முதலில் தெரியும், பெரியதில் பிறகு தெரியும் என்பது இத்தாலியின் மொந்தோர்சி குழுவினர் முன்வைத்த கருத்து. இதய நோய் வந்தவர்களில் பலருக்கு, நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னரே விறைப்புக் குறைந்திருந்ததை அவர்கள் காட்டினார்கள். இதை மிகைப்படுத்தவும் கூடாது. 35 வயதில் விறைப்புக் குறையும் எல்லோருக்கும் மாரடைப்பு வரப்போவதில்லை. ஆனால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

புதுச்சேரியின் தனிக் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுவதும் நடத்திய இந்தியாப் (INDIAB) ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் நாட்டளவில் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இரண்டாவது இடம். இருபதைத் தாண்டிய எல்லா வயதினரையும் சேர்த்த எண் அது. 35 வயதுக்காரருக்கு ஆபத்து அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அப்பாவுக்குச் சுகர் உள்ள, அடிக்கடி குடிக்கிற ஒரு புதுச்சேரிக்காரர் 'எனக்கென்ன, நான் உழைக்கிற ஆள்' என்று விட்டுவிட முடியாது. உழைப்பு கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது.

சர்க்கரை இங்கே மூன்று வழியில் கெடுக்கிறது. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் திறனை இழக்கிறது. செய்தி கொண்டுவரும் மெல்லிய நரம்புகள் தேய்கின்றன. கூடவே வரும் தொப்பை டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. சிலருக்கு விறைப்புக் குறைவதே சர்க்கரையின் முதல் அறிகுறி.

குடி விஷயமும் இந்த ஊரில் தனியாகச் சொல்லவேண்டியது. சரக்கு விலை குறைவாக இருந்தது புதுச்சேரியின் நெடுநாள் அடையாளம். ஒரு பெக் கூச்சத்தைப் போக்கலாம்; அதற்கு மேல் போனால் அன்றைய விறைப்பே மந்தமாகும். வருஷக்கணக்கில் போனால் நரம்பும் ஹார்மோனும் கெடும். பெங்களூரு நிம்ஹான்ஸில் குடிக்கு அடிமையாகிச் சிகிச்சைக்குச் சேர்ந்த 100 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. அவர்களில் 72 பேருக்கு ஏதேனும் ஒரு பாலியல் குறை இருந்தது. தினமும் கொஞ்சம் குடிப்பவரை அந்த நூறு பேரோடு ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பது அதில் தெரிகிறது.

வாசகரின் நிலையை வைத்துப் பார்த்தால்

மருத்துவர் முதலில் கேட்பது 'எப்போது, எப்படி ஆரம்பித்தது' என்பதை. ஒரே நாளில் திடீரென்று வந்தது, ஒருவரிடம் மட்டும் தவறுகிறது, தனியாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது, காலை விறைப்பு பழையபடி இருக்கிறது என்றால் தராசு மனத்தின் பக்கம் சாயும். மெல்ல மெல்ல வந்தது, எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி தளர்கிறது, காலை விறைப்பும் குறைகிறது என்றால் உடம்பின் பக்கம் சாயும். வாசகர் சொல்வது இரண்டாவதற்கு நெருக்கமாக இருக்கிறது: ஒரு வருஷமாகப் படிப்படியாக, காலை விறைப்பும் சேர்ந்து.

இங்கே ஒரு தடை உண்டு. தூக்கத்தில் ஓர் ஆணுக்கு இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். அது பெரும்பாலும் கனவுத் தூக்கத்தில் வருகிறது, கனவுத் தூக்கமோ இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். நடு இரவு தாண்டி எழுந்து கடலுக்குப் போகிறவர் அந்தக் கடைசிப் பகுதியையே இழக்கிறார். அவருக்குக் காலை விறைப்புக் குறைந்ததற்குக் குழாய் காரணமாக இல்லாமல், அலாரமே காரணமாக இருக்கலாம். ஆகவே தொழிலுக்குப் போகாத நாளில், குடிக்காமல் படுத்து, தானாக விழிக்கும்வரை தூங்கிய காலையில் என்ன நிலை என்று பார்க்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் அதற்கு நல்ல வாய்ப்பு. இரண்டு மூன்று வாரம் அப்படித் தூங்கியும் காலையில் உறுதியான விறைப்பு வரவே இல்லை என்றால்தான் அந்தக் குறிக்கு மதிப்பு. அப்போதும் பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருக்கின்றனவா என்று மனைவியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதுவும் விறைப்பைக் குறைக்கும்.

அடுத்தது சோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு. இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்று உறுதியானால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை, அல்லது 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசற்படியில் நிற்கிறது. இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எடைக் கணக்கு எப்படி இருந்தாலும் கவனிக்க வேண்டும். ஆசையும் குறைந்திருந்தால் காலை டெஸ்டோஸ்டிரோன் சேர்த்துப் பார்ப்பார்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் முக்கியம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், பிரஷருக்கான சில மாத்திரைகள், முடி கொட்டாமலிருக்கக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு ஆகியவை விறைப்பைப் பாதிக்கலாம். அவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

எச்பிஏ1சி 6.1 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இடுப்பு 98, பிரஷர் சற்றுக் கூடுதல். இந்த முடிவோடு வருபவருக்கு 'நோய் இல்லை, போங்கள்' என்று சொல்வதும் தவறு, பயமுறுத்துவதும் தவறு. இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியில் 35 முதல் 55 வயதுள்ள, உடல் பருமனும் விறைப்புக் குறையும் கொண்ட, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 110 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-ல் வெளியானது. பாதிப் பேருக்கு உணவையும் உடற்பயிற்சியையும் தனித்தனியாகத் திட்டமிட்டுக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டு ஆண்டு கழித்து முதல் குழுவின் 55 பேரில் 17 பேருக்கு மாத்திரை இல்லாமலே இயல்பான விறைப்புத் திரும்பியிருந்தது, இரண்டாவது குழுவில் 3 பேருக்கு. மூன்றில் ஒருவருக்கு மீட்சி என்பது பெரிய விஷயம். மற்ற இருவருக்கு அது மட்டும் போதவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

மாத்திரை எவ்வளவு தூரம் போகும்

1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் இதய வலிக்கு மருந்து தேடும்போது கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் தளர்வுச் செய்தியை அழிக்கும் நொதியை அது தடுக்கிறது. செய்தியே வராதபோது அது எதையும் செய்யாது. தூண்டல் இல்லாமல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பவருக்கு எதுவும் நடக்காமல் போவது அதனால்தான். வழக்கமாக 50 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். பிரியாணியும் வறுவலும் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் தாமதமாகும். பலர் 'வேலை செய்யவில்லை' என்று கைவிடுவது முதல் தடவையிலேயே. சரியான முறையில் ஐந்தாறு முறை எடுத்துப் பார்த்த பிறகே தோல்வி என்று சொல்ல வேண்டும்.

மீறக்கூடாத எல்லை ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளோடு இது சேரக்கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் இந்த மாத்திரை எடுத்ததைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காத விறைப்பும் அவசரச் சிகிச்சைக்கு உரியது. 'மூலிகை' என்று விற்கப்படும் பல தயாரிப்புகளில் சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. லேகியம் 'உடனே வேலை செய்தது' என்றால் மகிழ்வதற்கு முன் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் முடிவாகாதவை

இளம் வயதில் எத்தனை பேருக்கு இந்தக் குறை என்பதில் ஒருமித்த எண் இல்லை. இத்தாலியின் மிலானில் ஒரு மருத்துவமனைக்கு விறைப்புக் குறைக்காகப் புதிதாக வந்தவர்களில் நான்கில் ஒருவர் 40 வயதுக்குட்பட்டவர் என்று 2013-ல் எழுதினார்கள். அது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு, ஊரின் கணக்கு அல்ல. குறை கூடியிருக்கிறதா, அல்லது வாய்விட்டுச் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்களா என்பதை அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஆபாசப் படங்கள் காரணமா என்ற வாதத்திலும் இரு பக்கமும் சான்றுகள் பலவீனமாகவே உள்ளன.

டாப்ளர் ஸ்கேனின் நம்பகத்தன்மையும் விவாதத்துக்கு உரியது. ஊசி போட்டு விறைப்பை வரவழைத்து ரத்த ஓட்டத்தை அளக்கும் சோதனை அது. மேலே சொன்ன அட்ரினலின் இங்கேயும் வந்து நிற்கிறது: அந்நியர் முன்னால் குளிர்ந்த அறையில் படுத்திருப்பவருக்குத் தசை முழுக்கத் தளராமல், 'ரத்தம் தங்குவதில்லை' என்று பொய்யான முடிவு வரலாம். அப்படி வந்த முடிவை நம்பி 1980, 90-களில் பலருக்கு நாளங்களைக் கட்டும் அறுவை செய்தார்கள். பலன் நீடிக்கவில்லை, இன்றைய வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. இப்போது விளம்பரம் ஆகும் அதிர்வலைச் சிகிச்சை, ரத்தத் தட்டணு ஊசி ஆகியவையும் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. முன்பணம் கேட்டுப் பத்து சிட்டிங் பேசும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான்கு பார்வைகளையும் எடைபோட்டால், விந்துக் கணக்குக்கு இன்று ஆதாரம் இல்லை. சுரப்பிக் கணக்கு சிலருக்கு மட்டும் பொருந்தும். மனமும் ரத்தமும் தனித்தனிக் கட்சிகளாக இனி நிற்க முடியாது. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை முக்கியம். புதுச்சேரியில் அது சர்க்கரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. மனத்தைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம், கவனிக்காத சர்க்கரை காத்திருக்காது.

வாசகருக்கு: முடிந்துவிடவில்லை. உங்கள் வயதில் இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. மனைவியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விலகிப் படுத்தால் அவர் வேறு காரணம் கற்பித்துக்கொள்வார். இந்த வாரமே பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவோடு ஜிப்மரின் சிறுநீரகவியல் பிரிவுக்குப் போகலாம். அங்கே இதற்காக வருபவர் நீங்கள் முதல் ஆள் அல்ல. வலை இழுக்கும்போதோ படகு தள்ளும்போதோ நெஞ்சில் இறுக்கம் வந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அதுவரை எந்த லேகியத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.